எழுதுமுன் ஐந்து நிமிடம்

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் பொதுக்கட்டுரைக்கு 8 மதிப்பெண். பழைய வினாத்தாள்களைப் புரட்டினால் ‘விண்வெளியும் கல்பனா சாவ்லாவும்’ கண்ணில் படும். உடனே பேனாவை ஓட்டாதீர்கள். முதலில் தலைப்பைப் பிரியுங்கள்: விண்வெளி ஒன்று, கல்பனா ஒன்று. பலர் வாழ்க்கை வரலாற்றை மட்டும் எழுதிவிட்டு முதற்பாதியை மறந்துவிடுகிறார்கள்.

ஓரத்தில் பென்சிலால் உட்தலைப்புகளைக் குறியுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரே ஒரு செய்தி போதும். பிறப்பும் கல்வியும்: ஹரியானாவின் கர்னால், சண்டிகரில் பொறியியல். முதல் பயணம்: 1997, கொலம்பியா விண்கலம். இறுதிப் பயணம்: 2003 பிப்ரவரி 1, தரையிறங்கச் சில நிமிடங்களே இருந்தபோது விபத்து. எதிரே செய்தி இல்லாத உட்தலைப்பு எழுதும்போது வெறும் புகழ்ச்சியாக வழியும். அதை அடுத்ததோடு சேர்த்துவிடுங்கள். ஆனால் வினாவிலேயே குறிப்புகள் தந்திருந்தால் எதையும் விடக்கூடாது, வரிசையையும் மாற்றக்கூடாது.

முன்னுரையை விண்வெளியில் தொடங்குங்கள், நான்கு வரி போதும். கல்பனா இரண்டாம் பத்தியில் வரட்டும். முடிவுரையில் புதுச் செய்தி நுழையக்கூடாது. முன்னுரையில் தொட்ட விண்வெளிக்கே திரும்புங்கள். நேரம் போதாவிட்டால் நடுப்பத்தி ஒன்றைச் சுருக்குங்கள், முடிவுரையை விட்டுவிடாதீர்கள்.