குழு ஆய்வேடும் தனியர் பங்களிப்பும்

எட்டுத்தொகையுள் ஒன்றாகிய ஐங்குறுநூற்றை ஐவர் பாடினர். மருதம் நூறு ஓரம்போகியார். நெய்தல் நூறு அம்மூவனார். குறிஞ்சி நூறு கபிலர். பாலை நூறு ஓதலாந்தையார். முல்லை நூறு பேயனார். தொகுத்தவர் கூடலூர் கிழார். தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. பாடியோர், தொகுத்தோர், தொகுப்பித்தோர் என மூவகைப் பணியையும் நம் முன்னோர் தனித்தனியே பெயரிட்டுக் காத்தனர். எவர் பணியும் பிறர் பணிக்குள் கரைந்து போகவில்லை.

இன்று நம் மாணவர் ஐவர் கூடி ஒரு திட்ட ஆய்வேட்டை அளிக்கின்றனர். மேலட்டையில் ஐந்து பெயர்களும் வரிசையாக நிற்கின்றன. யார் எதனைச் செய்தார் என்பது உள்ளே எங்கும் இல்லை. வாய்மொழித் தேர்வுக்கு முன்னர் ஒவ்வொருவரும் தம் பங்களிப்பை ஒரு பக்கத்தில் எழுதித் தரவேண்டும் என்னும்போதுதான் இடர்ப்பாடு தொடங்குகிறது. அவ்வறிக்கையை நேர்மையாக எழுதும் முறையினை, அண்மையில் நான் வழிநடத்திய ஒரு குழுவின் பணியைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒலக்கூர்ச் சொற்கள்

திண்டிவனத்திற்கு வடக்கே உள்ள ஒலக்கூரையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் களமாகக் கொண்டு, அவ்வட்டார வேளாண் சொற்களைத் திரட்டுவது அக்குழுவின் பொருள். ஆறு ஊர்களில் பதினான்கு முதியோரைக் கண்டு ஒன்பது மணி நேரம் ஒலிப்பதிவு செய்தனர். 318 சொல்லட்டைகள் எழுதினர். கண்மணி குணசேகரனின் நடுநாட்டுச் சொல்லகராதியோடும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியோடும் ஒப்பிட்டனர். 92 பக்கங்களில் ஆய்வேட்டினை முடித்தனர். மாணவர் ஐவரையும் இங்குக் க, ச, த, ப, ம என்னும் எழுத்துகளால் குறிக்கிறேன்.

முதல் வரைவாக ஐவரும் எழுதித் தந்தவற்றை ஒருசேர வைத்துப் படித்தேன். களப்பணிக்குச் சென்ற க, ச இருவரும் 'தரவு முழுவதையும் யாமே திரட்டினோம்' என எழுதியிருந்தனர். தட்டச்சு செய்த ப, 'ஆய்வேட்டை உருவாக்கினேன்' என்று எழுதியிருந்தார். ம என்னும் மாணவியோ, 'ஒலிப்பதிவை எழுதுவதில் உதவினேன்' என ஒரே வரியில் முடித்துவிட்டார். வீட்டுச் சூழலால் அவர் களத்திற்குச் செல்ல இயலவில்லை. ஆயினும் ஒன்பது மணி நேரப் பதிவில் ஏழு மணி நேரத்தைக் கேட்டு எழுதியவர் அவரே.

ஒரு மணி நேரப் பேச்சினைக் கேட்டு எழுத நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும் என்பது இப்பணியில் பழகியோர் அறிந்ததே. வட்டார வழக்கும், பலர் ஒருங்கே பேசுதலும் கலந்தால் அது இன்னும் நீளும். ஐந்து மணி எனக் குறைவாகக் கொண்டாலும், ஏழு மணி நேரப் பதிவுக்கு முப்பத்தைந்து மணி நேர உழைப்பு ஆகிறது. க, ச இருவரும் களத்தில் நின்ற நான்கு நாள்களுக்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று. அது 'உதவினேன்' என்னும் சொல்லுக்குள் மறைந்து கிடந்தது.

விழுக்காடு ஏன் கூடாது

இத்தகைய நிலையில் 'ஆளுக்கு எத்தனை விழுக்காடு?' என்று கேட்பதே பலருக்கும் முதலில் தோன்றும் வழி. நானும் ஒருமுறை அவ்வாறு கேட்டதுண்டு. ஐவரும் தனித்தனியே எழுதிய எண்களைக் கூட்டியபோது அவை நூற்றைக் கடந்து சென்றன. இதற்குப் பொய்யுரை காரணமன்று. மைக்கேல் ராஸ், பியோர் சிகோலி என்னும் உளவியலறிஞர் இருவர் 1979இல் வெளியிட்ட ஆய்வில் இதனை விளக்கியுள்ளனர். கூட்டாகச் செய்த பணியில் தாம் செய்ததே ஒருவருக்கு எளிதில் நினைவுக்கு வருகிறது. பிறர் செய்ததில் பெரும்பகுதியை அவர் கண்டதே இல்லை. எனவே நல்லெண்ணம் உடையோரும் தம் பங்கினை மிகுத்தே மதிப்பிடுகின்றனர். நினைவை நம்பாது சான்றினை நம்பவேண்டும் என்பதே இதனால் பெறப்படும் முடிவு.

தடயப் பட்டியல்

ஆகவே ஆய்வேட்டை முன்னே வைத்துக்கொண்டு பின்னோக்கி நடந்தோம். இயல்வாரியாக அன்றிப் பணிவாரியாகப் பிரித்தோம்: வினாநிரல் அமைத்தல், களம் செல்லுதல், ஒலிப்பதிவு, கேட்டெழுதல், சொல்லட்டை எழுதுதல், அகராதி ஒப்பீடு, இயல்களை வரைதல், தட்டச்சு, மெய்ப்புப் பார்த்தல் என ஒன்பது பணிகள் வந்தன. ஒவ்வொன்றின் எதிரிலும் இரண்டு கட்டங்கள்: ஒன்றில் செய்தவர், மற்றொன்றில் அதற்கான தடயம். களக்குறிப்பேட்டின் நாள், ஒலிப்பதிவில் வினவும் குரல், அட்டையில் உள்ள கையெழுத்து, வரைவில் செய்த திருத்தம் ஆகியன தடயங்கள் ஆயின. 'எனக்கு நினைவிருக்கிறது' என்பது தடயமாகக் கொள்ளப்படவில்லை.

பணியின் அளவினைக் குறிக்க முதன்மை, இணை, துணை என்னும் மூன்று சொற்களே போதும். அறிவியல் இதழ்கள் பலவும் இன்று ஏறத்தாழ இவ்வாறே செய்கின்றன. 2014இல் உருவாகி 2022இல் அமெரிக்கத் தர நிறுவனத்தின் ஏற்பினைப் பெற்ற ஒரு வகைப்பாடு, ஆய்வுப் பணியைப் பதினான்கு பங்குகளாகப் பிரிக்கிறது. அளவைக் குறிக்க இம்மூன்று படிகளையே பரிந்துரைக்கிறது. அப்பதினான்கும் நமக்கு அப்படியே பொருந்தா. கேட்டெழுதலுக்கென அதில் தனி இடம் இல்லை. எனவே பணிகளின் பெயர்களை நம் ஆய்வேட்டிலிருந்தே எடுப்பது நன்று.

பட்டியல் முடிந்ததும் எண்களைக் கூட்டிப் பார்த்தோம். 200 சொல்லட்டைகள் தம்முடையவை என்றார் க. 170 தம்முடையவை என்றார் ச. கூட்டுத்தொகை 370, அட்டைகளோ 318. மிகுதியான 52 அட்டைகளை இருவரும் உரிமை கொண்டாடினர். அட்டைகளைப் பரப்பிக் கையெழுத்தை நோக்கினோம். அந்த 52இல் சொல்லை எழுதியவர் ஒருவர். பொருளை எழுதியவர் மற்றவர். இருவரும் மெய்யே கூறியிருந்தனர். ஆகவே க தனித்து 148, ச தனித்து 118, இருவரும் இணைந்து 52 எனத் திருத்தினோம், கணக்கு நேராயிற்று. ஐவர் அறிக்கைகளையும் கூட்டினால் ஆய்வேடு முழுவதும் கிடைக்கவேண்டும். மிகவும் கூடாது, குறையவும் கூடாது.

குறையும் இடமும் ஒன்று கிடைத்தது. அட்டைகளுக்கான மெய்ப்பினைப் பார்த்ததாக ஒருவரும் எழுதவில்லை. வினவியபோது ப, ம இருவரும் ஓரிரவு தொலைபேசியில் படித்துச் சரிபார்த்தது வெளிவந்தது. திருத்திய படி அதற்குச் சான்றாக இருந்தது.

அறிக்கையின் வடிவம்

ஒவ்வோர் அறிக்கையும் மூன்று செய்திகளைக் கூறவேண்டும்: யான் செய்தது யாது, யாருடன் இணைந்து செய்தேன், யான் செய்யாதது யாது. 'பங்கேற்றேன்', 'துணைநின்றேன்', 'ஒத்துழைத்தேன்' என்னும் சொற்களை நீக்கிவிடல் வேண்டும். அவை பணியைக் கூறாமல் இருப்பினை மட்டும் கூறுகின்றன. எழுதினேன், கேட்டேன், ஒப்பிட்டேன், திருத்தினேன் என வினையைத் தெளிவாகச் சொல்லிப் பக்க எண்ணையும் தரவேண்டும். ம தம் ஒரே வரியை மாற்றி எழுதியது வருமாறு:

'ஒன்பது மணி நேர ஒலிப்பதிவில் ஏழு மணி நேரத்தை நான் கேட்டு எழுதினேன். எஞ்சிய இரண்டு மணி நேரத்தைத் த எழுதினார். ஒரு பொருளுக்கு இரு வடிவங்கள் வந்த இடங்களைத் தனியே குறித்தேன். அவற்றுள் 23 குறிப்புகள் மூன்றாம் இயலில் 41 முதல் 47 வரையிலான பக்கங்களில் உள்ளன; அவ்வியலை வரைந்தவர் ச. சொல்லட்டைகளின் மெய்ப்பினை ப என்பவருடன் இணைந்து பார்த்தேன். களப்பணிக்கு நான் செல்லவில்லை. அகராதி ஒப்பீட்டில் எனக்குப் பங்கில்லை.'

இறுதி வரியினை எழுத அவர் தயங்கினார். அதனால் மதிப்பெண் குறையுமோ என்னும் அச்சம் அவருக்கு இருந்தது. உண்மையில் அவ்வரியே முன்னுள்ள வரிகளுக்கு நம்பகத்தன்மை தருகிறது. மேலும் தேர்வாளர் களப்பணி பற்றிய வினாவினை உரியவரிடமே கேட்க அது வழிசெய்கிறது.

பின்னர் அறிக்கைகளை ஐவரும் மாற்றிப் படித்து, ஒவ்வொருவரும் மற்ற நால்வரின் தாளிலும் கையொப்பம் இட்டனர். மாறுபாடு உடையவர் கையொப்பமிடாமல் தம் மாற்றுக்கருத்தை அடியில் எழுதலாம் என்றும் கூறியிருந்தேன். தடயம் எதுவும் கிட்டாது இருவர் கூற்றும் முரண்படும் இடத்தில் வழிகாட்டி தீர்ப்பளிக்க முற்படலாகாது. 'இருவரும் உரிமை கோருகின்றனர். சான்றில்லை' என எழுதிவிடுவதே முறை.

வாய்மொழித் தேர்வு என்னும் உரைகல்

ஓர் அறிக்கை மெய்யானதா என்பதை அறிய எளிய சோதனை உண்டு. அதிலுள்ள ஒவ்வொரு தொடரைப் பற்றியும் எழுதியவர் இரண்டு நிமிடம் தடையின்றிப் பேச முடியவேண்டும். 'அகராதிகளுடன் ஒப்பிட்டேன்' என்று எழுதிய ப, எந்தச் சொற்கள் எந்த அகராதியில் இல்லை, இல்லையென்பதை எவ்வாறு உறுதி செய்தார் எனக் கூறவேண்டும். பேச இயலாத தொடரை நீக்கிவிடவேண்டும்.

இங்கு மாணவர் செய்யும் பெரும்பிழை தன்னல மிகுதியன்று, நட்பின் மிகுதியே. பணியாற்றாத நண்பர்க்கு இரங்கித் தம் பணியில் ஒரு பகுதியை அவர் பெயரில் எழுதித் தருகின்றனர். தேர்வறையில் அந்நண்பர் விடையறியாது நிற்கும்போது, மற்ற நால்வர் அறிக்கைகளும் ஐயத்திற்கு உள்ளாகின்றன. சிறிய பங்களிப்பைச் சிறிதாகவே எழுதுவது அவருக்கும் பாதுகாப்பு.

தேர்வு நாளன்று புறத்தேர்வாளர், நிலக்கடலைக்கு மணிலா, மல்லாட்டை என இரண்டு அட்டைகள் ஏன் என வினவினார். களத்திற்குச் சென்ற இருவரும் ஒருவரையொருவர் நோக்கினர். ம விடையளித்தார். மல்லாட்டை என்பது மணிலாக்கொட்டை என்பதன் மரூஉவாகக் கருதப்படுவதையும், ஒரே முதியவர் ஒரே பதிவில் இரண்டையும் ஆண்ட இடத்தையும், எந்தச் சூழலில் எதனை ஆண்டார் என்பதையும் எடுத்துரைத்தார். ஏழு மணி நேரம் கேட்ட செவிக்கே அது தெரியும். தேர்வாளர் அவர் அறிக்கையினைத் திருப்பி, 41ஆம் பக்கத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

நபிமொழித் தொகுப்புகளில் ஒவ்வொரு செய்திக்கும் முன்னே, யாரிடமிருந்து யார் கேட்டார் என்னும் அறிவிப்பாளர் தொடர் நிற்பதை நாம் அறிவோம். தொடரில் ஒரு கண்ணி விடுபட்டாலும் செய்தியின் வலிமை குறைகிறது. சொல்லட்டை ஒன்றுக்கும் அத்தகைய தொடர் உண்டு: சொன்ன முதியவர், கேட்டுப் பதிந்தவர், எழுத்தில் வடித்தவர், ஒப்பிட்டவர். அக்குழுவினர் அட்டைகளின் பின்புறத்தில் அந்நான்கு கண்ணிகளையும் முதல் நாளிலிருந்தே குறித்திருந்தால், இறுதி வாரத்தின் வேலையில் பாதி மிச்சமாகியிருக்கும். அடுத்த ஆண்டுக் குழுவுக்கு அட்டைகளை அவ்வாறே அச்சிட்டுக் கொடுத்துள்ளோம்.