காலையில் 94, இரவில் 9

பிராட்பேண்ட் வேகம் குறைவதாகப் புகார் கொடுத்தால் டிக்கெட் எண் வரும். இரண்டு நாளில் 'சரிசெய்யப்பட்டது' என்று எஸ்எம்எஸ் வரும். இணையம் மட்டும் அப்படியே ஊர்ந்துகொண்டிருக்கும். அப்போது அடுத்த படி, நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்குக் கடிதம் எழுதுவது. டிராய் 2012-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறையின்படி ஒவ்வொரு தொலைத்தொடர்பு நிறுவனமும் அப்படி ஒருவரை வைத்திருக்க வேண்டும். முறையீட்டுக்குக் கட்டணம் கிடையாது.

மதுரையில் ஒரு வாடிக்கையாளர் 100 எம்பிபிஎஸ் திட்டம் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். இரவு 8 மணிக்கு மேல் அவருக்குக் கிடைப்பது 9 எம்பிபிஎஸ். மார்ச் 3, 12, 24 தேதிகளில் மூன்று புகார்கள் கொடுக்கிறார். மூன்றும் இரண்டிரண்டு நாளில் மூடப்படுகின்றன. டெக்னீஷியன் வந்ததோ காலை 11 மணிக்கு. அப்போது அளந்தால் 94 காட்டுகிறது. அவர் பொய் சொல்லவில்லை. தெருவே ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொண்டு படம் பார்க்கும் நேரத்தில் வரும் நெரிசல் காலையில் எப்படித் தெரியும்?

அதிகாரியின் திரையில் இவை தீர்ந்துபோன மூன்று தனித்தனிப் புகார்கள். ஒரே கோளாறுதான் மூன்று முறை மூடப்பட்டிருக்கிறது என்று காட்டுவதே கடிதத்தின் வேலை. அதன் நடுப்பகுதி இப்படி இருக்கலாம் (எண்கள் மாதிரிக்கு):

"மார்ச் 3: டிக்கெட் 40117, 5-இல் மூடப்பட்டது. அன்றிரவு 9.10-க்கு வேகம் 9 எம்பிபிஎஸ்.
மார்ச் 12: டிக்கெட் 40862, 14-இல் மூடப்பட்டது. அன்றிரவு 8.40-க்கு 11.
மார்ச் 24: டிக்கெட் 41590, 26-இல் மூடப்பட்டது. அன்றிரவு 9.30-க்கு 8.
எல்லா அளவுகளும் ரவுட்டரிலிருந்து நேராக லேன் கேபிளில் எடுக்கப்பட்டவை. இரவு 8 முதல் 11 மணிக்குள் எங்கள் பகுதி இணைப்பைச் சோதித்துச் சரிசெய்யவும், இந்தக் காலத்துக்கான வாடகையைக் கழிக்கவும் கோருகிறேன்."

லேன் கேபிள் என்ற சொல் கடிதத்தில் கட்டாயம் வர வேண்டும். வைஃபையில் எடுத்த அளவை அனுப்பினால், 'உங்கள் வீட்டுச் சுவர்தான் தடுக்கிறது' என்ற பதில் தயாராக இருக்கும். மாத டேட்டா வரம்பு தீர்ந்ததால் வேகம் குறைக்கப்படவில்லை என்பதையும் கணக்குப் பக்கத்தில் பார்த்து, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து இணைத்துவிடலாம். கோபமான பத்திகளை அதிகாரி தாண்டிப் போவார். இந்த மூன்று வரிகளைத் தாண்ட முடியாது.

புகார் மூடப்பட்ட 30 நாளுக்குள் முறையிட வேண்டும். ஏப்ரல் 2-இல் மின்னஞ்சல் அனுப்பினால், 39 நாள் கெடு மே 11-இல் முடிகிறது. முறையீட்டுக்கும் தனி எண் உண்டு. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தனிநபர் புகார்களை டிராய் விசாரிப்பதில்லை. மே 11-க்குப் பிறகும் அதே 9 எம்பிபிஎஸ் என்றால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தெளிவாக்கிவிட்டது.