‘ஓடல’ என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று சத்தங்கள்

சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் வீட்டுச் சாதனக் கடை வைத்திருக்கும் நண்பர், அண்மையில் எனக்கு 23 நிமிட ஒலிப்பதிவு ஒன்றை அனுப்பினார். அவர் கடையில் கிரைண்டர்களைப் பழுதுபார்க்கும் அண்ணன் பேசியது. அதைக் கேட்டு, கிரைண்டருடன் கொடுக்கும் தமிழ்க் கையேட்டுக்கு ஒரே பக்கத்தில் ‘அறிகுறி, காரணம், தீர்வு’ அட்டவணை போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். வானொலியில் ஒலிப்பதிவுகளை வெட்டி ஒட்டுவது எனக்குத் தினசரி வேலை. ஒரு மாலையில் முடித்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

முடியவில்லை. அண்ணன் பேசியதில் ஒரு பகுதி இப்படி இருந்தது:

“நிறையப் பேர் கிரைண்டர் ஓடலன்னு கொண்டு வருவாங்க. மோட்டார் போச்சுன்னு அவங்களே முடிவு பண்ணிடுவாங்க. பார்த்தா பெல்ட் கழண்டிருக்கும். இல்லன்னா மாவைக் கழுத்து வரைக்கும் போட்டிருப்பாங்க. ஒரு அம்மா முந்தின நாள் அரைச்சிட்டுக் கழுவாமலே வச்சிருந்தாங்க, கல்லு அப்படியே பிடிச்சுக்கிச்சு. சிலதுல கெப்பாசிட்டர் போயிருக்கும். கையால ஒரு தள்ளு தள்ளினா ஓடும், அப்பவே தெரிஞ்சிடும்.”

முழுவதையும் எழுத்தாக்கி, மூன்று வண்ணங்களில் கோடு போட்டேன். வாடிக்கையாளர் கண்டது மஞ்சள், காரணம் பச்சை, அண்ணன் செய்தது நீலம். பச்சையும் நீலமும் பக்கம் முழுக்க நிரம்பின. மஞ்சளில் திரும்பத் திரும்ப ஒரே சொல்தான் வந்தது: ‘ஓடல.’

அப்படியே அட்டவணை போட்டிருந்தால், ‘ஓடவில்லை’ என்ற ஒரே வரிக்கு எதிரே ஏழு காரணங்கள் வரிசையாக நின்றிருக்கும். உளுந்தை ஊறவைத்துவிட்டு நிற்பவருக்கு அந்த ஏழில் தன்னுடையது எது என்று எப்படித் தெரியும்?

காது பிடித்துக்கொடுத்த வித்தியாசம்

விடை ஒலிப்பதிவிலேயே இருந்தது. எழுத்தாக்கும்போது நான்தான் அதைத் தவறவிட்டிருந்தேன். மாவு அதிகமானதைப் பற்றிச் சொல்லும்போது அண்ணன் வாயாலேயே “உம்ம்ம்” என்று அடித்தொண்டையில் ஒலி எழுப்புகிறார். பெல்ட் கழன்றதைச் சொல்லும்போது “விர்ர்ர்” என்கிறார். இரண்டையும் நான் ‘சத்தம் வருகிறது, சுற்றவில்லை’ என்றே எழுதி வைத்திருந்தேன்.

மறுநாள் கடைக்குப் போய்க் கேட்டேன். “ஆமா தம்பி, அதைக் கேட்டுத்தானே நான் கண்டுபிடிக்கிறேன்” என்றார், இது யாருக்குத்தான் தெரியாது என்பதுபோல.

கிரைண்டரின் உள்ளமைப்பு தெரிந்தால் விஷயம் புரிந்துவிடும். மேசைமேல் வைக்கும் பல கிரைண்டர்களில் மோட்டார் ஒரு பெல்ட் வழியாக டிரம்மைச் சுற்றுகிறது. பெல்ட் கழன்றாலோ அறுந்தாலோ மோட்டாருக்குச் சுமையே இல்லை. அது லேசாக, வேகமாகச் சுற்றும். அதுதான் ‘விர்’. மாறாக, டிரம் சிக்கிக்கொண்டாலும் கெப்பாசிட்டர் பழுதானாலும் மோட்டாரில் மின்சாரம் பாயும், ஆனால் அது சுற்றாது. வீட்டு மின்சாரத்தில் இயங்கும் இந்த வகை மோட்டார், நின்ற நிலையிலிருந்து சுற்றத் தொடங்குவதற்குக் கெப்பாசிட்டரின் உதவி வேண்டும். அது கிடைக்காவிட்டால் ‘உம்’ என்று முனகியபடியே சூடாகும். சத்தமே இல்லை என்றால் மோட்டாருக்கு மின்சாரமே போகவில்லை என்று பொருள்.

ஆக, ‘ஓடல’ என்பது மூன்று வரிகளாகப் பிரிந்தது. ஒவ்வொரு வரிக்குள்ளும் எந்தக் காரணத்தை முதலில் வைப்பது? அடிக்கடி வருவதை முதலில் போடலாம் என்றார் நண்பர். நான் வேறு வரிசையைப் பின்பற்றினேன்: கருவி எதுவும் இல்லாமல், பிளக்கைக் கழற்றிய நிலையில் பார்க்கக்கூடியது முதலில். திருகாணியைக் கழற்ற வேண்டியது கடைசியில். காரணத்துக்குப் பக்கத்திலேயே, ‘அதுதான் என்று எப்படித் தெரியும்’ என்ற சோதனையும் வேண்டும். அண்ணனின் பேச்சில் அதுவும் விடுபட்டிருந்தது. “எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்டுத்தான் எழுதினேன்.

அட்டவணைக்குள் வராத தீர்வு

நண்பருக்கும் எனக்கும் வாக்குவாதம் வந்தது ‘கையால ஒரு தள்ளு’ விஷயத்தில்தான். அது பலிக்கும், செலவும் இல்லை, அட்டவணையில் போடலாமே என்றார் அவர். அண்ணனுக்கு அது ஒரு சோதனை. தள்ளியதும் மோட்டார் ஓடினால், கெப்பாசிட்டர்மீது சந்தேகம் உறுதியாகிறது. உடனே நிறுத்திவிட்டு மாற்றுவார். ஆனால் ‘தீர்வு’ என்ற தலைப்பின்கீழ் அதை எழுதினால், வீட்டில் என்ன நடக்கும்? வாராவாரம் மின்சாரம் பாயும் கிரைண்டருக்குள், சட்டென்று சுழலத் தொடங்கும் கற்களுக்குப் பக்கத்தில் ஒருவர் கை வைப்பார். பல வீடுகளில் அது வயதான அம்மாவின் கையாகவோ பணிப்பெண்ணின் கையாகவோ இருக்கும்.

அண்ணனே தீர்ப்புச் சொன்னார்: “நான் செய்யுறது வேற. அதை எழுதாதீங்க.” கெப்பாசிட்டர், பிளக்கைக் கழற்றிய பிறகும் சிறிது நேரம் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் என்பதையும் அவர் நினைவூட்டினார். அதனால் அடிப்பாகத்தைத் திறக்கும் வேலை எல்லாமே கடைக்கு என்று முடிவானது. பெல்ட் மாற்றுவதும் அதில் அடங்கும்.

இன்னொன்றையும் சேர்த்தேன். இந்தியாவிலும் இங்கும் மின்னழுத்தம் 230 வோல்ட்தான். ஆனால் இங்குள்ள மூன்று சதுரமுனை பிளக்குக்குள் ஒரு சிறிய ஃபியூஸ் இருக்கிறது, இந்திய உருண்டைமுனை பிளக்கில் அது இல்லை. அதனால் கோயம்புத்தூர்க் குறிப்புகளில் அதற்கு வரியே இல்லை.

முடிவில் வந்த பகுதி இது. எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில்: ‘முதலில் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றுங்கள்.’

| அறிகுறி | காரணம், தெரிந்துகொள்ளும் வழி | தீர்வு |
|---|---|---|
| சத்தமே இல்லை | வேறொரு சாதனத்தை அதே இடத்தில் செருகிப் பாருங்கள். அதுவும் ஓடாவிட்டால் வீட்டு மின் இணைப்பில் கோளாறு. | வேறு இடத்தில் செருகுங்கள். |
| சத்தமே இல்லை | நெடுநேரம் அரைத்தபின் நின்றது, அடிப்பாகம் சூடு: மோட்டாரின் பாதுகாப்பு அமைப்பு நிறுத்தியிருக்கலாம். | அரை மணி நேரம் ஆறவிட்டு, மாவைக் குறைத்து ஓட்டுங்கள். |
| சத்தமே இல்லை | மேற்கண்ட இரண்டும் இல்லை: பிளக் ஃபியூஸ் அல்லது உள் இணைப்பு. | கடைக்குக் கொண்டு வாருங்கள். |
| ‘உம்’ என்கிறது, டிரம் சுற்றவில்லை | மாவையும் கல்லையும் வெளியே எடுத்து டிரம்மைக் கையால் சுற்றுங்கள். இப்போது எளிதாகச் சுற்றினால், மாவு அதிகம் அல்லது காய்ந்த மாவு. | கழுவி, குறைந்த மாவுடன் ஓட்டுங்கள். |
| ‘உம்’ என்கிறது, டிரம் சுற்றவில்லை | டிரம் காலியாக இருந்தும் ‘உம்’ சத்தம்: கெப்பாசிட்டர் அல்லது மோட்டார். | மீண்டும் போடாதீர்கள். கடைக்கு. |
| ‘விர்’ என்கிறது, டிரம் சுற்றவில்லை | பெல்ட் கழன்றது அல்லது அறுந்தது. | கடைக்கு. |
| காலியாகச் சுற்றுகிறது, மாவு போட்டால் நிற்கிறது | ரப்பர் கருகும் வாடை இருந்தால் பெல்ட் தளர்வு. | கடைக்கு. |

அச்சுக்குக் கொடுக்குமுன் தோ பாயோவில் இருக்கும் பெரியம்மாவிடம் காட்டினேன். நான் எதுவும் விளக்கவில்லை. ‘கிரைண்டர் ஓடவில்லை’ என்று வைத்துக்கொண்டு அவரையே தேடச் சொன்னேன். முந்தைய வரைவில் முதல் கட்டத்தில் ‘மின்விநியோகத் தடை’ என்று எழுதியிருந்தேன். அதில் விரல் வைத்தவர், “இது வீடு முழுக்கக் கரண்டு போறதுக்குத்தானே?” என்று தாண்டிப் போய்விட்டார். அன்றே அதை ‘சத்தமே இல்லை’ என்று மாற்றினேன். முதல் கட்டத்தில் காரணத்தின் பெயர் வரக்கூடாது. காதுக்கும் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரிவது மட்டுமே வரலாம்.

எல்லாவற்றையும் கடைக்குக் கொண்டுவரச் சொன்னால் அட்டவணை எதற்கு என்று நண்பருக்கு ஒரு குறை இருந்தது. இரண்டு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். ஈசூனிலிருந்து ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில், “விர்ருன்னு கேட்குது, சுத்தல” என்றாராம். அண்ணன் பையில் பெல்ட்டோடு கிளம்பினார். ஒரே நடையில் வேலை முடிந்தது.