தூங்கும் கணக்கில் சில்லறை வரவு: வங்கி கேட்டால் என்ன எழுதுவது?

“தங்கள் சேமிப்புக் கணக்கில் 2024 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஏராளமான சிறு தொகைகள் வரவாகியுள்ளன. இவை தங்கள் கணக்கின் தன்மைக்குப் பொருந்தவில்லை. இவற்றின் மூலம் குறித்து உரிய ஆதாரங்களுடன் விளக்கம் அளிக்கவும். தவறினால் கணக்கின் செயல்பாடு கட்டுப்படுத்தப்படும்.” இந்தப் பொருளில் ஒரு கடிதம் வங்கியிலிருந்து வந்தால், பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். “அந்தக் கணக்கைத் தொட்டே வருஷமாச்சு, நமக்கென்ன” என்று தூக்கி மூலையில் வைப்பார்கள். இல்லையென்றால் பதறிப்போய் “உறவினர்கள் கொடுத்த அன்பளிப்பு” என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வருவார்கள். இரண்டுமே வம்பு.

கடிதம் உண்மையானதுதானா என்று முதலில் பார்த்துவிடுவோம். அதில் உள்ள செல்பேசி எண்ணை அழைக்காதீர்கள், இணைப்பு இருந்தால் தொடாதீர்கள். கடிதத்தோடு கிளைக்கு நேரில் போய், இது உங்கள் கடிதமா என்று கேட்டால் போதும்.

வங்கி ஏன் கேட்கிறது? 2002-ஆம் ஆண்டின் பண மோசடித் தடுப்புச் சட்டமும் ரிசர்வ் வங்கியின் கேஒய்சி விதிகளும், ஒவ்வொரு வாடிக்கையாளரின் வரவு செலவும் அவர் தொழிலுக்கும் வருமானத்துக்கும் பொருந்துகிறதா என்று தொடர்ந்து கவனிக்கச் சொல்கின்றன. சும்மா கிடந்த கணக்கில் திடீரென்று தினமும் பத்துப் பதினைந்து பேர் பணம் போட ஆரம்பித்தால், வங்கியின் கணினி அதைத் தனியாக எடுத்துக் காட்டும். சைபர் மோசடிக் கும்பல்கள் பிறர் பெயரில் உள்ள பழைய கணக்குகளை வாடகைக்கு எடுத்துப் பணத்தைக் கடத்துவதுதான் இதற்குக் காரணம். மியூல் அக்கவுன்ட் என்று வங்கிக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

இனி ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொண்டு வரி வரியாகப் பார்ப்போம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தபோது ஒரு பெண் சம்பளத்துக்காகத் தொடங்கிய சேமிப்புக் கணக்கு. கல்யாணமாகிச் சென்னைக்கு வந்த பிறகு அவர் அதைப் பயன்படுத்தவில்லை. செத்துப்போன கணக்கு என்றே நினைத்திருந்தார். வங்கியின் கடிதம் ஆறு மாதத்தில் 1,846 வரவுகள், மொத்தம் ரூ.1,12,374 என்கிறது.

இங்கே ஒரு முரண் இருப்பதைக் கவனியுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, வாடிக்கையாளர் தரப்பிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எந்தப் பரிவர்த்தனையும் இல்லாவிட்டால்தான் கணக்கு செயல்படாத கணக்கு ஆகும். வங்கி தானாகப் போடும் வட்டி இந்தக் கணக்கில் சேராது. அப்படி முடங்கிய கணக்கிலிருந்து, மறுபடி கேஒய்சி கொடுத்து உயிர்ப்பிக்காமல் பணம் எடுக்க முடியாது. ஆகவே வரவைப் பார்ப்பதற்கு முன்பு பற்றைப் பாருங்கள். பணம் வெளியே போயிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. வந்தது மட்டும் இருந்து, எதுவும் வெளியே போகவில்லை என்றால் விஷயம் பெரும்பாலும் எளிது. போயிருக்கிறது என்றால், அந்தக் கணக்கை யாரோ இயக்குகிறார்கள். உங்களுக்குத்தான் அது தூங்கும் கணக்கு, வங்கிக்கு அல்ல.

நம் மாதிரியில் போயிருக்கிறது. அதே ஆறு மாதத்தில் ரூ.1,10,500 வெளியே போய்விட்டது. எப்படி என்று தோண்டினால், ஊரில் தம்பி டீக்கடை வைத்திருக்கிறான். அக்கா சென்னைக்குப் போகும்போது பழைய சிம்மைத் தம்பியிடம் கொடுத்துவிட்டார். ஏடிஎம் கார்டு அம்மா வீட்டு அலமாரியில் கிடந்தது. யுபிஐ செயலி கேட்பது இந்த இரண்டையும்தான்: வங்கியில் பதிந்த எண்ணின் சிம்மிலிருந்து தானாகப் போகும் ஒரு எஸ்எம்எஸ், கார்டின் கடைசி ஆறு இலக்கங்களும் காலாவதி மாதமும். தம்பி தன் போனில் அக்காவின் கணக்கை இணைத்து, க்யூஆர் ஸ்டிக்கரைக் கல்லாவில் ஒட்டிவிட்டான். கெட்ட எண்ணம் எதுவுமில்லை. “உன் கணக்கு சும்மாதானே அக்கா கிடந்துச்சு” என்பதுதான் அவன் பதில். நம் ஊர்களில் இது சர்வசாதாரணம்.

அடுத்த வேலை, முழு ஸ்டேட்மென்டை வாங்குவது. பாஸ்புக்கில் சில வங்கிகள் பல வரிகளைச் சேர்த்து ஒரே தொகையாக அச்சடித்துவிடும், அதனால் பாஸ்புக் போதாது. ஸ்டேட்மென்டில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு விவரக் குறிப்பு இருக்கும். அச்சு வடிவம் வங்கிக்கு வங்கி மாறினாலும், UPI என்று தொடங்கும் வரிகளில் 12 இலக்கக் குறிப்பு எண்ணும் அனுப்பியவர் பெயரும் இருக்கும். ACH அல்லது NACH என்று தொடங்கினால் ஒரு நிறுவனம் மொத்தமாக அனுப்பிய தொகை, பெரும்பாலும் பங்கு ஈவுத்தொகை. Int என்று இருந்தால் வட்டி.

அந்த 1,846 வரிகளைப் பிரித்தால் இப்படி வருகிறது. கடை வரவு 1,838 வரிகள், ரூ.1,09,840. ஜூன், செப்டம்பர் காலாண்டு வட்டி இரண்டு, ரூ.58. முன்பு வாங்கி மறந்த பங்கின் ஈவுத்தொகை ஒன்று, ரூ.474. ஒரு ரூபாய் வரவு இரண்டு, இது ஏதாவது நிறுவனம் கணக்கு எண் சரிதானா என்று சோதிக்க அனுப்புவது. அவர் பிஎஃப் பணத்துக்கும் ஒரு காப்பீட்டுக்கும் விண்ணப்பித்திருந்த தேதிகளோடு இவை பொருந்துகின்றன. மீதி மூன்று வரிகள், ஐநூறு, ஐநூறு, ஆயிரம். இவை யாருடையவை என்று அக்காவுக்கும் தெரியவில்லை, தம்பிக்கும் தெரியவில்லை.

கடை வரவு என்று சும்மா சொன்னால் வங்கி நம்பாது, நம்பவும் கூடாது. ஆனால் ஸ்டேட்மென்டே சாட்சி சொல்லும். டீக்கடைப் பணம் பன்னிரண்டு, பதினைந்து, முப்பது, அறுபது என்று வரும். காலையும் மாலையும் குவியும், மதியத்தில் ஓயும். அதே ஆட்களின் பெயர் திரும்பத் திரும்ப வரும். வெளியே போகும் பணம் பால்காரருக்கும் மளிகைக் கடைக்கும் போகும், மிச்சம் தம்பியின் சொந்தக் கணக்குக்குப் போகும். கணக்கில் எப்போதும் சில ஆயிரம் தங்கும். மோசடிக் கணக்கின் போக்கு வேறு. ஆரம்பத்தில் சோதனைக்காகச் சிறு தொகை ஒன்று வரும். பிறகு வெவ்வேறு மாநிலங்களிலிருந்து, ஒருவரை ஒருவர் அறியாதவர்களிடமிருந்து பணம் வரும். வந்த சில நிமிடங்களில் அப்படியே வேறு கணக்குக்கோ ஏடிஎம்முக்கோ போய்விடும். கணக்கு எந்நேரமும் காலியாக இருக்கும். உங்கள் ஸ்டேட்மென்ட் இந்த இரண்டாவது வகை என்று பட்டால், வங்கிக்குப் பதில் எழுதும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-லும் புகார் பதியுங்கள்.

புரியாத அந்த மூன்று வரவுகளில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். “தவறுதலா உங்க கணக்குல போட்டுட்டேன், இந்த நம்பருக்குத் திருப்பி அனுப்பிடுங்க” என்று ஒருவர் அழைப்பார். நல்ல மனதோடு அனுப்பிவிடாதீர்கள். அது திருட்டுப் பணமாக இருந்து, நீங்கள் வேறொரு கணக்குக்கு அனுப்பினால், பணம் கைமாறிய சங்கிலியில் உங்கள் பெயரும் ஒரு கண்ணியாகிவிடும். அனுப்பியவர் தன் வங்கி மூலம் கேட்கட்டும், உங்கள் வங்கி திருப்பிக் கொடுக்கட்டும்.

இப்போது பதில். கடிதத்தில் கொடுத்த கெடுவுக்குள், கிளை மேலாளருக்கு, கடிதத்தின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். நம் மாதிரிக்கு இப்படி வரும்:

“மேற்படி கணக்கை நான் நேரடியாகப் பயன்படுத்தவில்லை. வங்கியில் பதிந்த பழைய சிம் என் தம்பியிடம் இருந்தது. அவர் தன் டீக்கடைக்கு இந்தக் கணக்கை யுபிஐ-யில் இணைத்துப் பயன்படுத்தியுள்ளார். வரிசை எண்ணிட்ட ஸ்டேட்மென்ட் இணைத்துள்ளேன். அதில் 1,838 வரவுகள் அவருடைய கடை வசூல், அவர் எழுதிக் கையெழுத்திட்ட கடிதமும் ஆவணங்களும் இணைப்பில் உள்ளன. ஐந்து வரவுகள் வட்டி, ஈவுத்தொகை, கணக்குச் சரிபார்ப்பு ஆகியவை. மூன்று வரவுகள் (மொத்தம் ரூ.2,000) யாருடையவை என்று எனக்குத் தெரியவில்லை. அனுப்பியவர்கள் தங்கள் வங்கி வழியாகக் கோரினால் திருப்பித் தர எனக்கு ஆட்சேபம் இல்லை. யுபிஐ இணைப்பையும் பழைய கார்டையும் ரத்து செய்து, என் இப்போதைய செல்பேசி எண்ணைப் பதிந்து, கேஒய்சி-யைப் புதுப்பித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

தம்பியின் கடிதத்தோடு அவருடைய பான் அட்டை நகல், உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று, சில பால் பில்கள், க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டிய கடையின் புகைப்படம் ஆகியவற்றை வையுங்கள். இவை இருந்தால் கிளையில் பேச்சு சுருங்கும்.

இந்தப் பதிலின் பலம், தெரிந்ததைத் தெரிந்தது என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொல்வதில் இருக்கிறது. “எனக்கு எதுவுமே தெரியாது” என்று எழுதித் தம்பியை மறைத்தால், எந்தப் போனிலிருந்து இயக்கப்பட்டது என்ற பதிவு இருக்கிறது, பொய் நிற்காது. “அன்பளிப்பு” என்று எழுதினாலோ, பதினைந்து ரூபாய் அன்பளிப்பு 1,838 முறை எப்படி என்ற கேள்வி வரும். நாளை வருமான வரித்துறை கேட்டால், இன்று எழுதியதே உங்களுக்கு எதிராக நிற்கும்.

வரி விஷயம் சுருக்கமாக. கடை வசூல் அக்காவின் வருமானம் அல்ல, தம்பியுடையது. அவர் தன் கணக்கில் காட்ட வேண்டும். இந்த 2024 வரவுகளுக்குப் பொருந்தும் 1961 வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவின்படி சிறு வியாபாரி வங்கி வழி வசூலில் 6 சதவீதத்தை லாபமாகக் காட்டலாம். ரூ.1,09,840-க்கு அது ரூ.6,590 அளவில்தான் வரும். இதை மறைக்க யாரும் கஷ்டப்படத் தேவையில்லை. வட்டியும் ஈவுத்தொகையும் அக்காவுடையவை.

கணக்கின் மேல் சைபர் குற்றப் புகார் இருந்தால் கதை மாறும். அப்போது காவல்துறை, பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆம் பிரிவில் ஆவணம் கேட்கும், 106-ஆம் பிரிவில் கணக்கை முடக்கும். கிளை மேலாளரால் அதை அவிழ்க்க முடியாது. புகார் எண்ணையும் எந்தக் காவல் நிலையம் என்பதையும் கிளையில் கேட்டு வாங்கி, இதே ஆவணங்களோடு விசாரணை அதிகாரிக்குத் தனியாகப் பதில் தர வேண்டும். வங்கி நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தகவல் அனுப்பியதா என்று மேலாளரிடம் துருவாதீர்கள். அதைச் சொல்ல அவருக்குச் சட்டம் இடம் தராது.

பதில் கொடுத்தும் வங்கி 30 நாள் வாய் திறக்காவிட்டால், cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்கு நீங்கள் பதில் கொடுத்த அத்தாட்சி தேவைப்படும். எனவே கிளையில் கடிதத்தைக் கொடுக்கும்போது இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றில் தேதியோடு முத்திரையும் கையெழுத்தும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.