சொந்த அலுவலகக் கூட்டத்துக்கே அனுமதி கேட்கிறதா?

திங்கட்கிழமை காலை, உங்கள் குழுவின் வழக்கமான கூட்டம். வாட்ஸ்அப் குழுவில் வந்த கூகுள் மீட் லிங்க்கை அழுத்துகிறீர்கள். கேமராவில் முகம் தெரிகிறது, மைக்கும் வேலை செய்கிறது. ஆனால் எப்போதும் `Join now` என்று இருக்கும் பொத்தான் இன்று `Ask to join` என்று இருக்கிறது. பலரும் அதைப் படிப்பதே இல்லை; அழுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். உள்ளே இருப்பவர்களின் திரையிலோ, கல்யாண வீட்டில் எடுத்த படத்தோடு யாரோ ஒருவர் அனுமதி கேட்டுக்கொண்டிருப்பார். நடத்துபவருக்கு அடையாளம் தெரியாவிட்டால் மறுத்துவிட்டுப் பேச்சைத் தொடர்வார்.

நீங்கள் தவறு ஏதும் செய்யவில்லை, உங்கள் சொந்த ஜிமெயில் கணக்கில் கதவைத் தட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். அலுவலகக் கணக்கில் நுழைந்திருந்தால், அதே நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று பொதுவாக நேரே உள்ளே விட்டிருக்கும். ஆகவே அந்தப் பொத்தானின் எழுத்து ஒரு நல்ல அடையாளம்: நமக்கு உரிமையான கூட்டமே அனுமதி கேட்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கணக்கைத்தான். அதே பக்கத்தில் எந்த மின்னஞ்சல் முகவரியில் நுழையப்போகிறோம் என்பதும், கணக்கை மாற்றும் வசதியும் இருக்கும். மாற்ற வேண்டிய இடமும் அதுதான். உள்ளே போன பிறகு அங்கிருந்தபடியே கணக்கை மாற்ற முடியாது. வெளியேறி மறுபடி வர வேண்டும். மீட்டில் தெரிகிற பெயரும் படமும் கூகுள் கணக்கிலிருந்து வருபவை என்பதால், பெயரை மட்டும் திருத்திச் சமாளிக்கவும் வழி இல்லை.

இது ஏன் சில நாள் நடக்கிறது, சில நாள் நடப்பதில்லை? ஒரே பிரவுசரில் இரண்டு கூகுள் கணக்குகளைத் திறந்து வைத்திருந்தால் அவற்றுக்கு வரிசை எண் உண்டு. முதலில் உள்நுழைந்தது 0, அடுத்தது 1. ஜிமெயில் திறந்திருக்கும்போது முகவரிப் பட்டையைப் பார்த்தால் `/u/0/` அல்லது `/u/1/` என்று இருக்கும். அலுவலகக் கணக்கின் கேலண்டரிலிருந்து லிங்க்கை அழுத்தினால், எந்தக் கணக்கு என்கிற குறிப்பு பெரும்பாலும் லிங்க்கோடு கூடவே போய்விடும். வாட்ஸ்அப்பில் யாரோ ஒட்டிய லிங்க்கில் அந்தக் குறிப்பு இருக்காது. அதில் இருப்பது கூட்டத்தின் அடையாளம் மட்டும்தான். வருகிறவர் யார் என்று அதற்குத் தெரியாது. குறிப்பு இல்லாதபோது பிரவுசர் 0 கணக்கை எடுத்துக்கொள்ளும். வீட்டு மடிக்கணினியில் பெரும்பாலும் அது சொந்தக் கணக்காகத்தான் இருக்கும்.

அவசரத்துக்கு லிங்க்கின் வாலில் நாமே அந்தக் குறிப்பைச் சேர்க்கலாம்:

```
https://meet.google.com/abc-defg-hij?authuser=1
```

இது 1 கணக்கில் திறக்கும். ஆனால் எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறி மறுபடி நுழைந்தால் வரிசை மாறிவிடக்கூடும். அதனால் இதை நிரந்தர ஏற்பாடாக நம்ப வேண்டாம்.

தவறான கணக்கில் கூட்டத்துக்குப் போவதை ஒரு நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். தவறான கணக்கில் கூட்டத்தை உருவாக்கினால்தான் உண்மையான சிக்கல். ஒரு குழுத் தலைவரை வைத்துப் பார்ப்போம். பத்து மணிக்கு வாடிக்கையாளரோடு பேச வேண்டும். பிரவுசரில் `meet.new` என்று அடிக்கிறார். 0 கணக்கில், அதாவது அவருடைய சொந்த ஜிமெயிலில், கூட்டம் உருவாகிறது. லிங்க்கை எல்லோருக்கும் அனுப்புகிறார். பத்து மணிக்கு நினைவாக அலுவலகக் கணக்கில் நுழைகிறார். அந்தக் கூட்டத்துக்கு அந்தக் கணக்கு வெளியாள்; அழைப்புப் பட்டியலிலும் இல்லை. தான் கூட்டிய கூட்டத்துக்குத் தானே அனுமதி கேட்டு வெளியே நிற்கிறார். சக ஊழியர்களும் அவரோடு நிற்கிறார்கள். கூட்டத்தின் உரிமையாளர் அவருடைய ஜிமெயில் கணக்கு, அது உள்ளே இல்லை.

சொந்தக் கணக்குக்கு மாறிக் கூட்டத்தை ஆரம்பித்தாலும் தொல்லை தீராது. இலவசக் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ கலந்துகொள்ளும் கூட்டத்துக்கு 60 நிமிடம்தான் வரம்பு. 55-வது நிமிடத்தில் எல்லோர் திரையிலும் அறிவிப்பு வரும், வாடிக்கையாளர் திரையிலும்தான். பதிவு செய்யும் வசதியும் இலவசக் கணக்கில் கிடையாது. இந்தக் கூட்டத்தை ஒட்டுப்போட்டுக் காப்பாற்றப் பார்ப்பதைவிட, அலுவலகக் கணக்கில் புதிதாக ஒன்றை உருவாக்கி, பழைய லிங்க்கைக் கைவிடும்படி எல்லோருக்கும் ஒரு வரி அனுப்பிவிடுவதே நல்லது.

இதற்குப் பலர் சொல்கிற தீர்வு, 'ஒவ்வொரு தடவையும் கணக்கைப் பார்த்து மாற்று' என்பது. கூட்டத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது யார் பார்ப்பார்கள்? மறதிக்கு இடமில்லாத ஏற்பாடு, குரோமில் இரண்டு புரொஃபைல்கள் வைத்துக்கொள்வது. குரோம் சன்னலின் வலது மேல் மூலையில் இருக்கும் வட்டப் படத்தை அழுத்தினால், கீழே புதிய புரொஃபைல் சேர்க்கும் வசதி இருக்கும். அதில் அலுவலகக் கணக்கில் மட்டும் உள்நுழையுங்கள். இனி அது தனிச் சன்னலாகத் திறக்கும். குக்கி, கடவுச்சொல், பக்க வரலாறு எல்லாம் அதற்குத் தனி. ஒரே வீட்டில் தனி வாசலும் தனி மீட்டரும் வைத்துக்கொண்ட இரண்டு குடித்தனம் மாதிரி. அந்தச் சன்னலில் அலுவலகக் கணக்குதான் 0, வேறு கணக்கே கிடையாது. இரண்டு புரொஃபைலுக்கும் வெவ்வேறு நிறம் கொடுத்துவிட்டால், எந்தச் சன்னலில் இருக்கிறோம் என்பது படிக்காமலே தெரியும்.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. வாட்ஸ்அப் போன்ற வெளிச் செயலியிலிருந்து லிங்க்கை அழுத்தினால், கடைசியாக எந்த புரொஃபைலின் சன்னலைப் பயன்படுத்தினீர்களோ அதில்தான் குரோம் திறக்கும். மகளின் பள்ளிப் பெற்றோர் கூட்டம் அலுவலகச் சன்னலில் திறப்பது இப்படித்தான். அது வெறும் சங்கடம் மட்டுமல்ல. அலுவலகக் கணக்கு நிறுவனத்துடையது. அதன் செயல்பாடுகளைப் பார்க்க நிர்வாகிக்கு வழி உண்டு. எனவே வெளியிலிருந்து வரும் லிங்க்கை அழுத்தாமல், நகலெடுத்து உரிய சன்னலில் ஒட்டுவதே பாதுகாப்பு. மைக்ரோசாப்ட் எட்ஜ் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த வேலையும் மிச்சம். வெளி லிங்க்குகள் எந்த புரொஃபைலில் திறக்க வேண்டும் என்பதை அதன் அமைப்புகளிலேயே குறித்து வைக்கலாம்.

கைபேசியில், மீட் செயலியின் மூலையில் உள்ள படத்தைத் தொட்டால் கணக்கு மாறும். ஆண்ட்ராய்டில் நிறுவனம் பணிப் பகுதியை அமைத்துக் கொடுத்திருந்தால், சிறிய பெட்டிச் சின்னத்தோடு அலுவலகச் செயலிகள் தனியாகவே இருக்கும். பிறர் கணினியில் ஒரே ஒரு கூட்டம் என்றால் மறைநிலைச் சன்னல் போதும். அதன் சன்னல்கள் எல்லாவற்றையும் மூடியதும் கணக்கும் வெளியேறிவிடும். கேமராவுக்கும் மைக்குக்கும் மறுபடி அனுமதி கேட்கும் என்பதால் ஐந்து நிமிடம் முன்னதாகத் திறந்துவிடுங்கள்.

புரொஃபைல் வைத்தும் பலனில்லை என்கிறவர்களின் கணினியைத் திறந்து பார்த்தால், அநேகமாகப் பழைய சன்னலில் அலுவலகக் கணக்கு அப்படியே இருக்கும். அங்கே எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறுங்கள். அப்போது வரும் கணக்குப் பட்டியலின் கீழே உள்ள `Remove an account` வழியாக அலுவலக முகவரியை எடுத்துவிட்டு, சொந்தக் கணக்கில் மட்டும் மறுபடி நுழையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு முன் இதை முடித்துவிடுங்கள்.