ஐந்நூறைத் தாண்டும் அந்த ஒரு யூனிட்

பக்கத்து வீட்டில் 500 யூனிட், நம் வீட்டில் 501 யூனிட். ஒரே ஒரு யூனிட்தான் வித்தியாசம். ஆனால் அவர்களுக்கு கரண்ட் பில் 1,805 ரூபாய் வருகிறது, நமக்கு 2,048 ரூபாய் வருகிறது. மீட்டரில் கோளாறு இல்லை, கணக்கெடுக்க வந்தவரும் தவறாக எழுதவில்லை. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் போடப்படும் முறையே அப்படித்தான். அந்த முறை புரிந்துவிட்டால், எங்கே மிச்சம் பிடித்தால் பில் குறையும் என்பதும் புரிந்துவிடும்.

வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். இந்த முறை எடுத்த ரீடிங்கிலிருந்து போன முறை எடுத்ததைக் கழித்தால் வருவதுதான் நாம் செலவழித்த யூனிட். ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. 2016 மே மாதத்திலிருந்து இந்தச் சலுகை எல்லா வீடுகளுக்கும் உண்டு. அதற்கு மேல்தான் படிப்படியான விலை, அதாவது ஸ்லாப்.

இங்கே கவனிக்க வேண்டியது, விலைப் பட்டியல் ஒன்றல்ல, இரண்டு. மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் ஒரு பட்டியல். 500-ஐத் தாண்டிவிட்டால் வேறொரு பட்டியல். 2024 ஜூலையில் அமலான கட்டணத்தில், அரசு மானியம் போக நாம் கட்டும் விலை இது:

500-க்குள் இருந்தால், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70 ரூபாய், 401 முதல் 500 வரை 6.30 ரூபாய்.

500-ஐத் தாண்டினால், 101 முதல் 400 வரை 4.70 ரூபாய், 401 முதல் 500 வரை 6.30 ரூபாய், 501 முதல் 600 வரை 8.40 ரூபாய், 601 முதல் 800 வரை 9.45 ரூபாய், 801 முதல் 1,000 வரை 10.50 ரூபாய், அதற்கு மேல் 11.55 ரூபாய்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் தெரியும். 500-ஐத் தாண்டியதும் 2.35 ரூபாய்ப் படியே காணாமல் போய்விடுகிறது. இரண்டாவது நூறு யூனிட்டுக்கு 235 ரூபாய் கட்ட வேண்டியவர் 470 ரூபாய் கட்டுகிறார். 501-வது யூனிட்டின் சொந்த விலை 8.40 ரூபாய்தான். ஆனால் அது வரும்போதே பழைய நூறு யூனிட்டின் விலையில் 235 ரூபாயைக் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் வந்த வித்தியாசம் அதுதான்.

பில்லில் வேறு சில வரிகளும் இருக்கும். மானியத்துக்கு முந்தைய தொகையையும் மானியத்தையும் தனித்தனியாகக் காட்டியிருந்தால், நாம் கட்ட வேண்டியது கழித்த பிறகு வரும் தொகை மட்டும். சில பில்களில் கூடுதல் வைப்புத்தொகை சேர்ந்து, பில் திடீரென்று ஊதியது போலத் தெரியும். அது கரண்டுக்கான கட்டணம் அல்ல, நம் பெயரில் இருக்கும் டெபாசிட். ஆகவே, பில் கூடிவிட்டது என்று தோன்றினால் முதலில் ரூபாயைப் பார்க்காமல் யூனிட்டைப் பாருங்கள். யூனிட் கூடியிருந்தால்தான் வீட்டுக்குள் காரணம் தேட வேண்டும்.

இப்போது ஒரு வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். இரண்டு மாதத்துக்கு 560 யூனிட். முதல் நூறு இலவசம். அடுத்த முந்நூறுக்கு 1,410 ரூபாய். அடுத்த நூறுக்கு 630 ரூபாய். மீதி அறுபதுக்கு 504 ரூபாய். ஆக மொத்தம் 2,544 ரூபாய்.

இந்த வீட்டில் ஹாலில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று என இரண்டு பழைய சீலிங் ஃபேன், ஒவ்வொன்றும் தினம் 12 மணி நேரம் ஓடுகிறது. பழைய ஃபேன் ஏறத்தாழ 75 வாட் இழுக்கும். 60 நாளில் ஒரு ஃபேனுக்கு 54 யூனிட். அதே வேகத்தில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் ஏறத்தாழ 30 வாட்டில் ஓடும். 60 நாளில் சுமார் 22 யூனிட். இரண்டையும் மாற்றினால் கிட்டத்தட்ட 65 யூனிட் குறையும். 560 என்பது 495 ஆகிவிடும்.

495 யூனிட்டுக்கு பில் 1,773 ரூபாய் 50 காசு. 65 யூனிட் குறைந்ததில் 770 ரூபாய் மிச்சம், அதாவது யூனிட்டுக்கு ஏறக்குறைய 12 ரூபாய். இரண்டு ஃபேனும் சேர்த்து 6,000 ரூபாய் ஆனாலும் எட்டு பில்லில் முதல் திரும்பிவிடும். இதே மாற்றத்தை 350 யூனிட் ஓடும் வீட்டில் செய்தால் மிச்சம் 305 ரூபாய்தான். 800 யூனிட் ஓடும் வீட்டில் 614 ரூபாய். ஃபேன் ஒன்றுதான், நாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து மிச்சமாகும் பணம் மாறுகிறது. 350-இல் இருப்பவர் ஓடுகிற ஃபேனைக் கழற்ற அவசரப்பட வேண்டாம், பழுதாகும்போது மாற்றினால் போதும்.

எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை பில் வந்த பிறகு தெரிந்துகொண்டு பயனில்லை, நடுவிலேயே தெரிய வேண்டும். கணக்கெடுத்த அன்றைய ரீடிங்கைக் காலண்டரில் குறித்து வையுங்கள். முப்பதாவது நாள் மீட்டரைப் பாருங்கள். திரையில் பல எண்கள் மாறி மாறி வரும். `kWh` என்று காட்டும் எண்தான் வேண்டியது. 250 யூனிட்டைத் தாண்டியிருந்தால் இந்தப் போக்கில் 500-க்குள் நிற்க மாட்டோம். நாற்பத்தைந்தாவது நாளுக்கு 375 என்பது அளவு. மீதி நாட்களில் ஏ.சி.யை 24 டிகிரிக்குக் கீழே இறக்காமல் வைப்பது, ஹீட்டரைக் குளிப்பதற்குச் சற்று முன் மட்டும் போடுவது என்று கைவைக்க அவகாசம் இருக்கும். 25 லிட்டர் தண்ணீரை நன்றாகச் சூடாக்க ஏறத்தாழ ஒரு யூனிட் ஆகிறது. தினம் ஒருமுறை சூடாக்கினாலே இரண்டு மாதத்தில் 60 யூனிட்.

கணக்கெடுக்கும் நாள் தள்ளிப்போனாலும் யூனிட் ஏறும். தினம் 8 யூனிட் ஓடும் வீட்டில் 60 நாளுக்கு 480தான். அதுவே 65 நாள் கழித்து எடுத்தால் 520. அதனால் 500-ஐ ஒட்டி பில் வரும்போது இரண்டு ரீடிங்குக்கும் நடுவே எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். தாமதத்தால்தான் தாண்டியது என்று தெரிந்தால், தேதிகளோடு பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.

யூனிட் எங்கே போகிறது என்றே தெரியாத வீட்டுக்கு ஒரு சோதனை. மீட்டரில் சின்ன சிவப்பு விளக்கு மினுக்கும். பக்கத்தில் `3200 imp/kWh` போல அச்சிட்டிருக்கும். 3,200 முறை மினுக்கினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்து, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் பிளக்குகளையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் நிமிடத்துக்கு ஒருமுறை மினுக்கினால் இரண்டு மாதத்தில் 27 யூனிட் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. மறந்துபோன கருவி ஒன்று செருகியிருக்கலாம். வயரிங்கில் கசிவும் இருக்கலாம். மெயினை அணைத்தும் மினுக்கல் நிற்கவில்லை என்றால் கோளாறு நம் வீட்டு வயரிங்கில் இல்லை; மீட்டரைச் சோதிக்கச் சொல்லி வாரியத்திடம் மனுக் கொடுக்க வேண்டும். மெயினை அணைத்ததும் நின்றுவிட்டால், ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒவ்வொரு லைனாகப் பார்க்கச் சொல்லுங்கள். கசிவு இருந்தால் பில்லுக்கு மட்டுமல்ல, உயிருக்கும் ஆபத்து. அதை அடுத்த ரீடிங் வரை தள்ளிப்போட வேண்டாம்.