வர்க்கமூலத்துக்குள் நிற்கும் அந்த ஒன்று

கல்லூரிக் கணிதப் புத்தகத்தில் வளைவரையின் நீளம் காணும் பயிற்சியைப் புரட்டினால், கணக்குகள் எல்லாம் வினோதமான உருவத்தில் இருக்கும். y = x³/6 + 1/(2x) என்றொரு சார்பு. y = x⁴/8 + 1/(4x²) என்று இன்னொன்று. பாடத்தின் மற்றப் பகுதிகளில் x², x³, சைன் என்று பழகிய முகங்களாக இருக்க, இங்கே மட்டும் ஏன் இப்படி? ஆறும் எட்டும் நான்கும் யாரோ வாய்க்கு வந்தபடி போட்ட எண்கள் போலத் தோன்றும். ஆனால் அவற்றில் ஒன்றை மாற்றினாலும் கணக்கே நின்றுவிடும்.

வளைவின் நீளத்தை அளக்கும் முறை பிதாகரஸ் தேற்றத்திலிருந்து வருகிறது. வளைவரையில் மிகச் சிறிய துண்டு ஒன்றை எடுத்தால் அது ஏறக்குறைய நேர்கோடுதான். அந்தத் துண்டு பக்கவாட்டில் dx தூரம் போகிறது. மேலே f′(x) dx தூரம் ஏறுகிறது. f′ என்பது அந்த இடத்தில் வளைவரையின் சாய்வு. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, மூலம் எடுத்து, எல்லாத் துண்டுகளையும் சேர்த்தால் நீளம் கிடைக்கிறது:

L = ∫ √(1 + (f′(x))²) dx

சூத்திரம் எளிது. தொல்லை அந்த 1-ல் இருக்கிறது. அது இல்லையென்றால் வர்க்கமும் மூலமும் ஒன்றையொன்று நீக்கிக்கொண்டுவிடும். அது இருப்பதால் மூலம் பெரும்பாலும் பிரிய மறுக்கிறது. √(1 + a²) என்பதை 1 + a என்று எழுதிவிடும் மாணவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. அப்படி எழுதினால் குறுக்கே நடப்பதும், வலப்பக்கம் போய்ப் பிறகு மேலே ஏறுவதும் ஒரே தூரம் என்றாகிவிடும்.

y = x² என்ற சாதாரணப் பரவளையத்துக்கே மூலத்துக்குள் 1 + 4x² வருகிறது; விடையில் மடக்கை நுழைந்துவிடும். y = x³ என்றால் 1 + 9x⁴. இதன் தொகையை நமக்குப் பழக்கமான சார்புகளைக் கொண்டு எழுதவே முடியாது. சைன் அலைக்கும் அதே கதைதான். 1637-ல் வெளிவந்த தம் வடிவியல் நூலில் டெக்கார்ட், நேர்கோட்டுக்கும் வளைகோட்டுக்கும் உள்ள விகிதம் மனிதரால் அறிய முடியாதது என்றே எழுதினார். இருபது ஆண்டுகள் கழித்து, 1657-ல், வில்லியம் நீல் என்ற இளம் ஆங்கிலேயர் y² = x³ வகை வளைவரையின் நீளத்தைத் துல்லியமாகக் கண்டார். அது எப்படிச் சாத்தியமாயிற்று என்பது இன்றைய குறியீட்டில் ஒரே வரியில் தெரியும். y = (2/3)x^(3/2) என்று எடுத்தால் சாய்வு √x. அதன் வர்க்கம் x. மூலத்துக்குள் 1 + x மட்டுமே மிஞ்சுகிறது. அதைத் தொகையிடுவது எளிது. x = 0 முதல் 3 வரை நீளம் 14/3.

நீலின் வளைவரையில் மூலம் மறையவில்லை, உள்ளே இருப்பது எளிமையானது, அவ்வளவே. மூலத்தையே அடியோடு ஒழிக்க வேண்டுமென்றால் உள்ளே இருப்பது முழு வர்க்கமாக வேண்டும். அதற்கான வழி பள்ளியிலேயே படித்ததுதான்: (u − v)²-உடன் 4uv-ஐக் கூட்டினால் (u + v)² ஆகும். நம்மிடம் கூட்டுவதற்கு இருப்பது 1. ஆகவே 4uv = 1 ஆக வேண்டும்; அதாவது u, v இரண்டின் பெருக்கல் 1/4. சாய்வை u − v என்று அமைத்து, பெருக்கல் 1/4 வரும்படி பார்த்துக்கொண்டால், மூலத்திலிருந்து u + v வெளியே வந்துவிடும். கழித்தல் குறி கூட்டலாக மாறியதுதான் நடந்த மாற்றம்.

இப்போது முதலில் பார்த்த y = x³/6 + 1/(2x)-ஐ எடுப்போம். சாய்வு x²/2 − 1/(2x²). இரண்டு உறுப்புகளையும் பெருக்கினால் சரியாக 1/4. எனவே மூலம் x²/2 + 1/(2x²) ஆகிறது. இதன் தொகை x³/6 − 1/(2x). x = 1 முதல் 2 வரை நீளம் 4/3 − 1/4 + 1/3, அதாவது 17/12; தசமத்தில் சுமார் 1.417. விடை சரிதானா என்று பார்க்க, இரு முனைகளையும் நேர்கோட்டால் இணைத்துப் பாருங்கள். அந்த நாணின் நீளம் சுமார் 1.357. நடுவில் x = 1.5-ல் ஒரு புள்ளி வைத்து இரண்டு துண்டாக அளந்தால் 1.400. நாண்களின் கூட்டுத்தொகை வளைவின் நீளத்தைத் தாண்டாது. துண்டுகள் கூடக்கூட அதை நெருங்கும். உங்கள் விடை நாணைவிடச் சிறியதாக வந்தால் எங்கோ தவறு இருக்கிறது என்று உடனே சொல்லிவிடலாம்.

அதே சார்பில் 1/(2x)-க்குப் பதில் 1/x என்று எழுதினால் என்ன ஆகும்? பெருக்கல் 1/2 ஆகிவிடும். மூலத்துக்குள் x⁴/4 + 1/x⁴ என்று நிற்கும். அது முழு வர்க்கமல்ல. இந்த வழி அங்கேயே அடைபடும். வளைவரையின் தோற்றம் கொஞ்சம்தான் மாறியது, ஆனால் அதன் நீளத்தைப் பழகிய சார்புகளால் இனி எழுத முடியாது.

இன்னோர் இடறலும் உண்டு. வர்க்கத்தின் மூலம் எப்போதும் மிகை எண்தான். y = x⁴/8 + 1/(4x²)-க்கு x = −2 முதல் −1 வரை நீளம் கேட்டால், அங்கே u = x³/2, v = 1/(2x³) இரண்டும் குறை எண்கள். அதைக் கவனியாமல் u + v-ஐ அப்படியே தொகையிட்டால் −33/16 என்று வரும். நீளம் குறை எண்ணாக வராது. சரியான விடை 33/16. இதிலாவது குறியே காட்டிக்கொடுத்துவிடுகிறது. நடுவில் சார்பு உடையும் x = 0 இருக்கும்படி எல்லைகளை எடுத்தால் நிலைமை மோசம்: விடை போல ஓர் எண் வரும், அதற்குப் பொருளே இராது.

இதெல்லாம் கணக்கு வாத்தியார்களின் கைவேலைதானா? பெரும்பாலும் ஆம். ஆனால் இந்தக் குடும்பத்தில் இயற்கையே உண்டாக்கும் உறுப்பினர் ஒன்று இருக்கிறது. u = eˣ/2, v = e⁻ˣ/2 என்று எடுங்கள். பெருக்கல் 1/4. அந்தச் சாய்வுக்குரிய வளைவரை y = (eˣ + e⁻ˣ)/2. இரு முனைகளில் பிடித்துத் தொங்கவிட்ட சங்கிலியின் வடிவம் இதுதான் என்று லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், யோஹான் பெர்னூலி ஆகிய மூவரும் 1691-ல் காட்டினார்கள். அடிப்புள்ளியிலிருந்து x வரை இதன் நீளத்தைக் கணக்கிட்டால் (eˣ − e⁻ˣ)/2 வருகிறது. அது அந்த இடத்தின் சாய்வேதான்! காரணம் இயற்பியலில் இருக்கிறது. சங்கிலியின் ஒரு புள்ளியில் இழுவிசையின் செங்குத்துப் பங்கு, அடிப்புள்ளியிலிருந்து அதுவரை தொங்கும் எடையைத் தாங்க வேண்டும். கிடைப் பங்கு எங்கும் ஒன்றே. எனவே சாய்வு எடைக்கு ஏற்ப, அதாவது நீளத்துக்கு ஏற்பக் கூடுகிறது. இங்கே மூலம் எளிமையாவது யாரும் திட்டமிட்டு நடப்பதல்ல.

பாடப்புத்தகங்களில் ஒரு குறை சொல்ல வேண்டும். எளிமையாகும் கணக்குகளை மட்டுமே அடுக்குவதால், எல்லா வளைவுகளின் நீளமும் இப்படிக் கச்சிதமாக வரும் என்ற நினைப்பை மாணவரிடம் விட்டுவிடுகின்றன. உண்மையில் வராதவையே அதிகம். அவற்றுக்கு எண்முறைதான் வழி. ஒவ்வொரு பயிற்சியிலும் சைன் அலை போன்ற ஒன்றையும் வைத்து, 0 முதல் 2π வரை அதன் நீளம் சுமார் 7.640 என்று சிம்ப்சன் விதியால் காணச் சொல்ல வேண்டும்.

கணக்கு உண்டாக்கிப் பார்க்க விரும்புவோர் u = x/2 என்று தொடங்கலாம். v = 1/(2x) ஆகிவிடும்; u − v-ஐத் தொகையிட்டால் y = x²/4 − (ln x)/2 கிடைக்கும். 1 முதல் e வரை இதன் நீளம் (e² + 1)/4 வருகிறதா என்று போட்டுப் பாருங்கள்.